மயங்கொலி எழுத்துகளும் புணர்ச்சி காட்டும் அடையாளமும்

தமிழ் எழுத்துகளுள் ல, ள, ழ என்னும் மூன்றும், ந, ன, ண என்னும் மூன்றும், ர, ற என்னும் இரண்டும் ஆக எட்டு எழுத்துகளைப் பள்ளி இலக்கணம் மயங்கொலிகள் எனத் தொகுத்துக் கூறுகிறது. ஒலிப்பில் நெருங்கி நிற்பதால் எழுதுங்கால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்துவிடுகிறது. இம்மயக்கம் எல்லா இடத்தும் ஒரே தன்மையதன்று. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பதால் அங்குள்ள மாணவன் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என எழுதுகிறான். சென்னையை ஒட்டிய பேச்சு வழக்கில் அதுவே யகரமாக ஒலிக்கிறது. நகர, னகரங்களுக்கிடையே இருந்த ஒலி வேறுபாடு இன்று பெரும்பாலோர் பேச்சில் இல்லை. ர, ற இரண்டும் தனித்து வருமிடத்து ஏறத்தாழ அவ்வாறே. எனவே ‘சரியாக ஒலித்தால் சரியாக எழுதலாம்’ என்னும் அறிவுரை, எந்த ஒலியை இழந்துவிட்டதால் பிழை நேர்கிறதோ அந்த ஒலியையே மருந்தாகத் தருகிறது.

இதற்கு மாற்றாக வகுப்பறைகளில் வழங்குவது சொற்பட்டியல். அலை, அளை, அழை. வலி, வளி, வழி. அரம், அறம் என இணைகளையும் மும்மைகளையும் பொருளோடு மனப்பாடம் செய்விக்கின்றனர். இப்பட்டியல்கள் பயனற்றவை அல்ல. ஆயினும் ஒலியில் ஒத்த இரு சொற்களை ஒரே வேளையில் அருகருகே கற்பிப்பதே அவற்றை மேலும் பிணைத்துவிடுகிறது என்பது, பிற மொழியினர்க்குத் தமிழ் பயிற்றும் வகுப்புகளில் இக்கட்டுரையாளர் பலமுறை கண்டது. ‘புலி, புளி இரண்டில் ஒன்று விலங்கு, ஒன்று சுவை’ என்பது நினைவில் நிற்கும். எது எது என்பது நிற்காது. மேலும், பட்டியலில் இல்லாத சொல் வந்தால் மாணவனிடம் வழி ஏதும் இல்லை.

சொல் தன் எழுத்தைத் தானே காட்டும் இடங்கள் தமிழில் மிகப் பல. ஒரு சொல் பிற சொல்லோடும் விகுதியோடும் புணரும்போது அடையும் திரிபை நோக்கினால் ஐயத்துக்குரிய எழுத்து எதுவெனத் தெரிந்துவிடும். அத்திரிபுகளை எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேச்சில் பிழையின்றிச் செய்கின்றனர். அந்த அறிவை எழுத்துக்குக் கொண்டுவரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்துகளின் பெயர்

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு சொல். இன்று ‘ரெண்டு சுழி ன’, ‘மூணு சுழி ண’, ‘சின்ன ர’, ‘பெரிய ற’ என்றே பலரும் கூறுகின்றனர். இவை எழுத்தின் வடிவைச் சொல்வன. தொலைபேசியில் ஒருவர் பெயரை எழுதிக்கொள்ள இவை உதவும். எந்தச் சொல்லில் எந்த எழுத்து வரும் என்பதற்கு உதவா. பழைய திண்ணைப் பள்ளிப் பெயர்கள் இவற்றினும் அறிவுடையவை. நகரத்தைத் தந்நகரம் என்றும், ணகரத்தை டண்ணகரம் என்றும், னகரத்தை றன்னகரம் என்றும் வழங்கினர். தகரத்துக்கு முன் வரும் மெய் ந். டகரத்துக்கு முன் வருவது ண். றகரத்துக்கு முன் வருவது ன். பந்து, பண்டு, பன்றி என்னும் மூன்றிலும் மாற்றி எழுத இடமே இல்லை. ‘மூண்று’ என்றோ ‘கன்டான்’ என்றோ எழுதும் மாணவனுக்கு விதியொன்றைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை; எழுத்தின் முழுப்பெயரைச் சொல்லச் சொன்னால் போதும். ‘லண்டன்’ போன்ற பிறமொழிப் பெயர்களும் இவ்வழக்கிற்கு உட்பட்டே நெடுங்காலம் எழுதப்பட்டன. ‘இன்டர்நெட்’ போன்ற அண்மைக்காலக் கடன்சொற்களில் மட்டும் ன்ட என்னும் மயக்கம் புகுந்துள்ளது.

வல்லின ற, இடையின ர என்னும் பெயர்களும் இத்தகையனவே. றகரம் வல்லினம் ஆதலின் இரட்டிக்கும், ரகரம் இரட்டிக்காது. ஆகவே வெற்றி, காற்று, குற்றம் போன்ற சொற்களில் ரகரம் வர வழியில்லை. ழகரமும் அவ்வாறே இரட்டிக்காத எழுத்து. பள்ளி, வெள்ளம், உள்ளம் ஆகியவற்றில் ‘இது சிறப்பு ழகரமோ’ என்னும் ஐயம் எழ வேண்டியதே இல்லை.

இரு குடும்பங்களும் இரு தனியர்களும்

தந்நகரம் முதலிய பெயர்களுக்கு அடிப்படை ஒலிப்பிடம். தொல்காப்பியர் பிறப்பியலில் இவ்வெழுத்துகளை இணையிணையாகக் கூறுகிறார். நுனிநா மேல்நோக்கி உயர்ந்து அண்ணத்தை ஒற்ற றகர, னகரங்கள் பிறக்கும் என்பது ஒன்று. நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியைப் பொருந்த, அங்கு அண்ணத்தை ஒற்றுதலால் லகரமும் வருடுதலால் ளகரமும் பிறக்கும் என்பது மற்றொன்று. ரகர, ழகரங்கள் நுனிநா உயர்ந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பன என ஓரிணையாக வைக்கிறார். இன்றைய ஒலியியலாரும் ஏறத்தாழ இதனையே வேறு சொற்களால் கூறுவர். ல, ன, ற மூன்றும் மேற்பல்லை அடுத்த முகட்டில் பிறப்பவை. ள, ண, ட மூன்றும் நா பின்னோக்கி வளைந்து பிறப்பவை. ந, த இரண்டும் பல்லில் பிறப்பவை.

றகரம் முற்காலத்தில் உண்மையான வல்லொலி என்பதைத் தமிழக வழக்கை மட்டும் கேட்போர் உணர்தல் அரிது. யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதையும் மலையாளிகள் ‘காற்று’ என்பதற்கு நேரான தம் சொல்லையும் ஒலிக்கும்போது, ற்ற என்பது தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையில் நாவை முகட்டில் அழுத்தி எழும் ஒலியாக உள்ளது. அவ்வொலியைச் செவியில் வாங்கியவர்க்கு, லகரமும் னகரமும் ஏன் றகரமாகத் திரிகின்றன என்பது விளங்கிவிடும். நா நிற்குமிடம் மாறுவதில்லை. அடுத்துவரும் வல்லெழுத்தின் வன்மையை மட்டும் ஏற்கிறது. அவ்வாறே ளகரமும் ணகரமும் தம் இடத்து வல்லினமாகிய டகரமாகின்றன. மெல்லெழுத்து அடுத்து வந்தால் லகரம் னகரமாகவும் ளகரம் ணகரமாகவும் திரிகின்றன.

ஆக, ல–ன–ற என்பது ஒரு குடும்பம். ள–ண–ட என்பது மற்றொரு குடும்பம். ஒரு குடும்பத்து எழுத்து மறு குடும்பத்திற்குள் செல்வதில்லை. ழகரமும் ரகரமும் தனியர்; அவை பொதுவாகத் திரிவதும் இல்லை, இரட்டிப்பதும் இல்லை. மாணவன் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே. இதனைப் பலகையில் இரு வரிசையாக எழுதி வைத்துவிட்டு மேலே செல்லலாம்.

நீர் என்னும் ஒரு சொல்

இக்குடும்ப முறை எவ்வாறு எழுத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ‘நீர்’ என்னும் சொல்லை ஈற்றில் கொண்ட சில தொடர்ச்சொற்களை எடுத்துக்கொள்வோம். தண்ணீர், வெந்நீர், நன்னீர், தெண்ணீர், செந்நீர், உமிழ்நீர் என்பவை அவை. முதல் ஐந்திலும் நடுவே கேட்பது நகர ஒலியின் இரட்டிப்பே. ஆனால் எழுத்து மூவகையாக உள்ளது. ‘வெண்ணீர்’, ‘வென்னீர்’ எனவும் ‘தன்னீர்’ எனவும் மாணவர் எழுதுவதைக் காண்கிறோம்.

தண்ணீரின் முதற்பகுதி ‘தண்’. குளிர்ச்சி எனப் பொருள்படும் இச்சொல் தண்மை என வரும். ணகரம் சொல்லிலேயே உள்ளது. அடுத்து வந்த நகரம் அதனோடு இயைந்து ணகரமாயிற்று. கண்ணீரும் இவ்வாறே. நன்னீரின் முதற்பகுதி ‘நல்’. லகரத்தின் குடும்பத்து மெல்லெழுத்து னகரம் ஆதலால் நன்னீர் என்றாகிறது. பவணந்தியார் நூலின் பெயராகிய நன்னூல் என்பதிலும் இதே புணர்ச்சி உள்ளது. தெளிந்த நீர் தெண்ணீர். அதன் முதற்பகுதி ‘தெள்’. ளகரத்தின் குடும்பத்து மெல்லெழுத்து ணகரம். இனி, வெந்நீரின் முதற்பகுதி வெம்மை, செந்நீரின் முதற்பகுதி செம்மை. இவற்றில் லகரமும் இல்லை, ளகரமும் இல்லை, உள்ளது மகரம். அது வருமொழி நகரமாகவே மாறியது. எனவே அங்கு றன்னகரத்துக்கோ டண்ணகரத்துக்கோ இடமில்லை. உமிழ்நீரில் உள்ளது தனியனாகிய ழகரம். அது தானும் மாறாமல் அடுத்த நகரத்தையும் மாற்றாமல் நிற்கிறது.

அன்றாட வழக்கில் மிகுதியாகப் பிழைபடும் இரு சொற்களும் இதனால் திருந்துகின்றன. எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய். வெள்ளிய நெய் வெண்ணெய். எள், வெள் இரண்டிலும் உள்ளது ளகரம், ஆதலின் டண்ணகரம். ஈற்றில் உள்ளது நெய். ஆதலின் ‘எண்ணை’ என்பது பிழை. இரண்டு ஐயங்களும் ஒரே பிரிப்பில் நீங்குகின்றன.

மை என்னும் விகுதியை ஏற்கும் பண்புப் பெயர்களும் இவ்வழியவே. நன்மை, மேன்மை, இன்மை ஆகியவற்றில் நல், மேல், இல் உள்ளன. உண்மை, வெண்மை ஆகியவற்றில் உள், வெள் உள்ளன. கீழ்மை, தாழ்மை என்பவற்றில் ழகரம் அசையவில்லை. ‘உண்மை’க்கு மூன்று சுழி, ‘நன்மை’க்கு இரண்டு சுழி என்று தனித்தனியே நெட்டுருச் செய்வதைவிட, உள்ளது உண்மை, நல்லது நன்மை எனச் சொல்லிப் பார்ப்பது எளிது.

வினைச்சொல்லில் ல, ள, ழ

மேற்கண்ட முறையின் முழுப்பயன் வினைச்சொல்லில் விளங்கும். ஈற்றெழுத்து லகரமோ, ளகரமோ, ழகரமோ என ஐயம் எழுந்தால் அவ்வினையை இறந்தகாலத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். ன்ற் அல்லது ற்ற் வந்தால் வினையின் ஈறு லகரம்: செல், சென்றான், வெல், வென்றான், முயல், முயன்றான், கல், கற்றான், வில், விற்றான். ண்ட் அல்லது ட்ட் வந்தால் ளகரம்: ஆள், ஆண்டான், மீள், மீண்டான், திரள், திரண்டது, கேள், கேட்டான். எழுத்து மாறாமல் நின்று ந்த் அல்லது த்த் அடுத்து வந்தால் ழகரம்: வாழ், வாழ்ந்தான், சூழ், சூழ்ந்தான், தாழ், தாழ்த்தினான்.

விழா அழைப்பிதழ்களில் ‘கலந்துகொல்ல வேண்டுகிறோம்’ என்று அச்சாகி நகைப்புக்கு இடமாவதுண்டு. வந்தவர்கள் கலந்துகொண்டார்களா, கலந்துகொன்றார்களா என்று கேட்டால் அச்சுக்கோப்பவர்க்கும் ஐயம் இராது.

இவ்வினைகளிலிருந்து பிறக்கும் பெயர்களும் அதே தடத்தைக் காட்டுகின்றன. முயற்சி, பயிற்சி என்பவற்றில் றகரம் உள்ளமையால் முயல், பயில். ஆட்சி, மீட்சி, திரட்சி என்பவற்றில் டகரம் உள்ளமையால் ஆள், மீள், திரள். மகிழ்ச்சி, வீழ்ச்சி, நிகழ்ச்சி என்பவற்றில் ழகரம் நிலைத்துள்ளது. இங்கு மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ற், ட் ஆகிய வல்லின மெய்களை அடுத்து மற்றொரு வல்லின மெய் வந்து ஒற்று மிகுவதில்லை. ஆதலின் ‘முயற்ச்சி’, ‘ஆட்ச்சி’ என்பன தமிழில் இயலாத எழுத்துக்கோவைகள். ஆனால் ய், ர், ழ் ஆகிய மூன்றை அடுத்து ஒற்று மிகலாம்: ஆய்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி. இதனை மறுதலையாகவும் கொள்ளலாம். ழகரமோ ளகரமோ என்னும் ஐயம் எழும் இடத்தில் அடுத்து க்க், ச்ச், த்த், ப்ப் என இரட்டித்த வல்லெழுத்துக் கேட்குமானால் அது ழகரமே. வாழ்க்கை, வாழ்த்து, தாழ்ப்பாள், தமிழ்ப்பாடம் என்பவற்றில் ளகரத்தை எழுதினால் அது புணர்ச்சியில் டகரமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை ஆதலின் அது ளகரம் அன்று.

எடுத்துக்காட்டுக்காக, வழக்கமான பிழைகள் சிலவற்றைச் சேர்த்து ஒரு தொடர் அமைத்துக்கொள்வோம்: ‘அவன் தோள்வியைக் கண்டு தலராமல் முயற்ச்சி செய்து வாள்க்கையில் வெற்றி பெருவான்.’ இதில் ஐந்து பிழைகள் உள்ளன. தோள்வி: இறந்தகாலத்தில் தோற்றான் என வருவதால் றகரக் குடும்பம், எனவே தோல்வி. கல்வி, கேள்வி என்னும் சொற்களையும் கற்றான், கேட்டான் என்பவற்றோடு இவ்வாறே ஒப்பிடலாம். முயற்ச்சி: றகரத்தின் பின் ஒற்று மிகாது, எனவே முயற்சி. வாள்க்கை: ளகரத்தின் பின் க்க் நிற்காது, எனவே வாழ்க்கை. பெருவான்: இறந்தகாலம் பெற்றான், இரட்டிக்கும் எழுத்து வல்லினம் ஆதலின் பெறுவான். எஞ்சியது ‘தலராமல்’. தளர் என்னும் வினையில் ஐயத்துக்குரிய எழுத்து ஈற்றில் இல்லை, நடுவில் உள்ளது. அது புணர்ச்சிக்கு உள்ளாவதில்லை. ஆகவே இச்சோதனை அங்கு உதவாது. ஐந்தில் நான்கைத் தீர்க்கும் கருவியைக் கையில் தரும் ஆசிரியர், ஐந்தாவதைத் தீர்க்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இன்றேல் மாணவன் அதனைப் பொருந்தாத இடத்திலெல்லாம் பொருத்திப் பார்ப்பான்.

இதற்குப் புறம்பான வழக்குகளும் சில உள. ‘சொல்’ என்னும் வினை ‘சொன்றான்’ என வராமல் சொன்னான் என வருகிறது; ஆயினும் னகரமே லகரத்தைச் சுட்டிவிடுகிறது. சொற்பொழிவு, சொற்றொடர் என்பனவும் துணைநிற்கும். சுழல் என்னும் வினை சுழன்றது, சுழற்சி என வருவது ஈற்று லகரத்தை மட்டுமே காட்டும். நடுவிலுள்ள ழகரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பன்மை விகுதியாகிய கள் நம்பத்தக்க சோதனை அன்று. கற்கள், சொற்கள், முட்கள் என ஒரு குறிலை அடுத்த ஈறுகள் திரியினும், விரல்கள், கடல்கள் போன்றவை திரிவதில்லை. நாட்கள், நாள்கள் என்னும் இரண்டில் எது தக்கது என்பது அறிஞரிடையே வழக்காக நீடிக்கிறது. இவ்வழக்கில் மாணவனை இழுத்துவிட வேண்டியதில்லை.

னகர ணகரங்கள் தனித்து நிற்குமிடம்

சொல்லின் முதலில் வருவது நகரமே. னகரமும் ணகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. சொல்லின் நடுவில் தகரத்துக்கு முன்னல்லாமல் நகரம் வருமாயின் அது பெரும்பாலும் இரு பகுதிகள் சேருமிடமாகவே இருக்கும்: அந்நாள், எந்நேரம், ஐந்நூறு. முந்நூறு என்பது மூன்று நூறு. இதனை ‘முன்னூறு’ என எழுதினால் முன் என்னும் சொல்லோடு நூறு சேர்ந்ததாகிவிடும். முன்னாள் என்பதில் உள்ளது அதுவே. காசோலைகளில் இப்பிழை மிகுதி.

சொல்லின் ஈற்றில் வரும் னகர, ணகரங்களுக்கு மேற்கூறிய வினைச் சோதனையே போதும். தின், தின்றான், என், என்றான். உண், உண்டான், காண், கண்டான். உண் ஊட்டு என்றும், காண் காட்டு என்றும், பூண் பூட்டு என்றும் டகரம் பெறுவதையும் காண்க. பெயர்ச்சொற்களில் முன், பின் என்பன முற்பகல், பிற்பகல் எனவும், பொன் என்பது பொற்காசு எனவும் றகரம் பெறும். மண் என்பது மட்பாண்டம் என டகரம் பெறும். நண்பன் மூன்று சுழியா, இரண்டு சுழியா என்னும் ஐயத்துக்கு நட்பு என்னும் சொல் விடை தருகிறது. நன்செய், புன்செய் ஆகிய நிலப்பெயர்களில் நல், புல் என்பன உள்ளமையால் றன்னகரம். வெண்பாவில் வெள் உள்ளமையால் டண்ணகரம். அன்பு, இன்பம், பண்பு முதலியவற்றை மட்டும் நேரே நினைவில் கொள்ள வேண்டியுள்ளது. அவற்றின் எண்ணிக்கை பெரிதன்று.

ரகர றகரம்

ரகர, றகர வேறுபாட்டில் ஈறு ஐயமற்றது. மெய்யெழுத்தாகச் சொல்லின் ஈற்றில் நிற்பது ரகரமே: ஊர், அவர், வந்தார். பிறமொழிச் சொற்களின் முதலில் வருவதும் அதுவே. சிக்கல் எழுவது உயிரோடு கூடி நடுவிலும் ஈற்றிலும் வரும்போது. அங்கு இரட்டிப்பே அடையாளம்.

ஆறு, சோறு, சேறு, கிணறு, கயிறு, வயிறு ஆகியவை வேற்றுமை உருபு ஏற்கும்போது ஆற்றில், சோற்றை, சேற்றில், கிணற்றில், கயிற்றால், வயிற்றில் என இரட்டிக்கின்றன. தவறு என்பதும் தவற்றை என்றே வரும். தெரு, எரு, உரு ஆகியவை தெருவில், எருவை, உருவம் என வகரம் பெறுகின்றன, இரட்டிப்பதில்லை. வினையிலும் மாறு மாற்றம் என்றும், ஏறு ஏற்றம் என்றும், சீறு சீற்றம் என்றும், கூறு கூற்று என்றும் வரும். எண்ணுப்பெயராகிய ஆறு மட்டும் விலக்கு. ‘ஆறில் ஒரு பங்கு’ என்கிறோம். ‘ஆற்றில் ஒரு பங்கு’ என்றால் அது தண்ணீர்ப் பங்கீடு ஆகிவிடும்.

பெறு, பெரு என்னும் இரண்டையும் மேலே கண்டோம். பெற்றோர், பேறு என்பன பெறு என்பதன் வழியின. பெரிய, பெருமை, பெருகு என்பன பெரு என்பதன் வழியின. ‘விருது பெருகிறார்’ என்று எழுதினால் ஆள் பருத்துக்கொண்டு போகிறார் எனப் பொருள்கொள்ள நேரும்.

கறுப்பு, கருப்பு என்பது பற்றி அடிக்கடி வினவுகின்றனர். கரு, கரிய, கார், கருமை என ரகரம் கொண்ட ஒரு சொற்குழுவும், கறு, கறுத்தது, கறை என றகரம் கொண்ட மற்றொரு சொற்குழுவும் தமிழில் அருகருகே உள்ளன. கறுத்தது என்னும் வினையோடு இயைந்த பெயர் கறுப்பு. ஆதலின் அதனை இக்கட்டுரையாளர் விரும்புகிறார். ஆயினும் கருப்பு என்பது பெருவழக்காகிவிட்டது. விடைத்தாளில் அதற்கு மதிப்பெண் குறைப்பது முறையன்று.

இரக்கம், இறக்கம் போன்ற இணைகளில் இரட்டிப்புச் சோதனையும் உதவுவதில்லை. இரங்கு, இறங்கு இரண்டும் ஒரே வகையில் க்க் பெறுகின்றன. இத்தகைய இடத்தில் மட்டுமே செயற்கையான நினைவுக் குறிப்புக்கு இடமுண்டு. நெஞ்சில் ஈரம் உள்ளவர்க்கு இரக்கம் உண்டு எனச் சொல்லிக் கொடுக்கலாம். இது சொற்பிறப்பு அன்று, நினைவுத்துணை மட்டுமே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உடன்பிறந்த மொழிகளின் சான்று

இனி எஞ்சுபவை மலை, மழை, புலி, புளி, வாளை, வாழை போன்று ஐயத்துக்குரிய எழுத்து உயிரோடு கூடி நிற்கும் பெயர்கள். இவை புணர்ச்சியில் திரிவதில்லை. ஒரு சிலவற்றுக்கு உறவுச் சொற்கள் துணைசெய்யும். உழவு என்பதற்கு உழுதான், உளவு என்பதற்கு உள், உலவு என்பதற்கு உலா என அடையாளம் காட்டலாம். பழம் பழுத்தது. ஏனையவற்றுக்குத் தமிழின் உள்ளே வழி அரிது. ஆனால் தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிப்போர்க்கும், அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வாய்ப்பு உள்ளது. அது பெரும்பாலும் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது.

கன்னடம் லகர, ளகரங்களைத் தெளிவாக வேறுபடுத்துகிறது. புலிக்கு ஹுலி என்றும் புளிக்கு ஹுளி என்றும் அங்கு வழங்குவதைப் பெங்களூரிலோ மைசூரிலோ வளரும் பிள்ளை நாள்தோறும் கேட்கிறது. மலை அங்கு மலெ, மழை மளெ. ஆனால் பழங்கன்னடத்தில் தனி எழுத்தோடு இருந்த ழகரம் பின்னர் மறைந்து பெரும்பாலும் ளகரத்தோடு கலந்துவிட்டது. ஆகவே கன்னடத்தில் ளகரம் இருந்தால் தமிழில் லகரம் அன்று என்பது வரை துணியலாம். ளகரமா, ழகரமா என்பது தெரியாது. அங்குத் தெலுங்கு உதவும். தமிழ் ழகரத்துக்கு நேராகத் தெலுங்கில் பல சொற்களில் டகரம் நிற்கிறது: ஏழு என்பது ஏடு, கோழி என்பது கோடி, பாழ் என்பது பாடு. கன்னடத்தில் இவை ஏளு, கோளி, ஹாளு. முள் என்பதோ கன்னடத்தில் முள்ளு, தெலுங்கில் முல்லு. கன்னட ளகரத்துக்கு எதிரே தெலுங்கில் டகரம் கண்டால் தமிழில் ழகரம். லகரம் கண்டால் ளகரம். பால் போன்ற சொற்களில் கன்னடத்தில் ஹாலு, தெலுங்கில் பாலு என இரண்டிலும் லகரமே இருக்கும்.

மலையாளம் அறிந்தவர்க்கு இத்தனை சுற்றுவழி தேவையில்லை. ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் அம்மொழிப் பேச்சில் இன்றும் வேறுபட்டே ஒலிக்கின்றன. வாழைக்கு வாழ என்றும் வாளை மீனுக்கு வாள என்றும் வழங்குகின்றனர். அவர்கள் இடர்ப்படுவது நகர, னகரங்களில். அவ்விரண்டையும் அவர்கள் வேறாக ஒலித்தாலும், மலையாள எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவமே உண்டு. ஆகவே மலையாள மாணவர்க்குத் தந்நகரம், றன்னகரம் என்னும் பெயர்களிலிருந்து தொடங்குவது தகும். கன்னட மாணவர்க்கு வாழ்ந்தான், ஆண்டான் என்னும் இறந்தகால வினைகளிலிருந்தும், தெலுங்கு மாணவர்க்கு ஏழு, கோழி முதலியவற்றிலிருந்தும் தொடங்கலாம்.